ஒன்றரை மாத்திரை நான்கானது எப்படி: குறியீடு தெரியாத கைப்பேசிக்குப் போன ஒரு மருந்தளவுச் செய்தி

பின்னணி

மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு சிறிய சர்க்கரை நோய் மருத்துவமனை. இரண்டு மருத்துவர்கள், வரவேற்பில் ஒருவர், ரத்தப் பரிசோதனைக்கு ஒருவர். அங்கே நோயாளிப் பதிவுக்கும் குறுஞ்செய்திக்கும் உள்ள மென்பொருளை எழுதிப் பராமரித்து வந்தவன் நான். கீழே சொல்லப்போகும் பிழையில் பாதி என்னுடையது. அதனால் இதை நானே எழுதுகிறேன்.

பரிசோதனை முடிவு மாலையில்தான் வரும். நோயாளி அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். மருத்துவர் முடிவைப் பார்த்து மருந்தளவை மாற்றினால், புதிய அளவு குறுஞ்செய்தியாகப் போகும். காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா, அரை மாத்திரைக்கு ½ என்ற ஒற்றை எழுத்து. எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குப் படம் எளிது என்பதுதான் சூரியனையும் நிலாவையும் சேர்த்ததற்குக் காரணம். அந்தக் காரணம் தவறில்லை. சோதித்துப் பார்த்தது எங்கள் நால்வரின் தொடுதிரைக் கைப்பேசிகளில் மட்டும் என்பதுதான் தவறு.

ஏறக்குறைய ஒரு வருடம் இது ஓடியது. பட்டன் போன் வைத்திருந்த பலருக்குச் சூரியன் கட்டமாகத்தான் தெரிந்திருக்கிறது. ஒருவரும் புகார் சொல்லவில்லை.

கவனித்தது

அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி நான்கு நாள் வயிற்றுப்போக்கோடும் குமட்டலோடும் வந்தார். அவர் எடுத்துக்கொண்டிருந்தது மெட்ஃபார்மின் 500 மி.கி., காலையில் ஒன்று. முந்தைய வாரப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் அதைக் காலையில் ஒன்றரையாக உயர்த்தியிருந்தார். எத்தனை போடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு, “ஒண்ணு, ஒண்ணு, ரெண்டு. நீங்கதானே அனுப்புனீங்க?” என்றார் அந்த அம்மா. ஒரு நாளைக்கு 750 மி.கி. எடுக்க வேண்டியவர் 2000 மி.கி. எடுத்திருக்கிறார்.

நாங்கள் அனுப்ப நினைத்தது இது:

```
மெட்ஃபார்மின் 500 ☀️1½ சாப்பிட்ட பின்
```

அவருடைய பட்டன் போனில் இருந்தது இது:

```
மெட்ஃபார்மின் 500 □□11□2 சாப்பிட்ட பின்
```

இதை அவர் எப்படி வாசித்தார் என்பதை அவரே சொன்னார். “அந்தக் கட்டம் எப்பவும் வரும். அதை விட்டுட்டு நம்பரைப் பாத்துக்குவேன்.” கட்டத்தை விட்டால் மிஞ்சுவது 1, 1, 2. மருந்துக்கடையில் மாத்திரை அட்டையின் மேல் 1-0-0 என்றும் 1-0-1 என்றும் எழுதித் தருவது அவருக்குப் பல வருடப் பழக்கம். காலை, மதியம், இரவு என்று மூன்று எண்களாக வாசிக்கத் தெரிந்த ஒருவர் இதை வேறு எப்படி வாசிப்பார்? அவர் குழம்பியதாகவே எனக்குத் தோன்றவில்லை. தனக்குத் தெரிந்த ஒழுங்கின்படி சரியாகத்தான் வாசித்திருக்கிறார்.

சிறுநீரகச் செயல்பாடு பரிசோதிக்கப்பட்டது. சரியாக இருந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கிறவர்களுக்குச் சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அரிது. அவருக்கும் இறங்கவில்லை. இதே பிழை, சர்க்கரையை அபாயகரமாக இறக்கக்கூடிய கிளிமெபிரைடு மாத்திரையில் நடந்திருந்தால் மயங்கிய நிலையில் தூக்கி வந்திருப்பார்கள் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் தேடியது

சூரியன் இருந்த இடத்தில் கட்டம் வந்தது புரிந்தது. எண்களுக்கு நடுவில் வந்த கட்டம்தான் புரியவில்லை. ½ பழைய எழுத்து. சூரியனும் நிலாவும் தெரியாத போன்களில்கூட அது தெரியும். ஒரு வருடமாகத் தெரிந்தும் இருக்கிறது.

குறியீடு கெட்டுப்போனால் திரையில் மூன்று விதமாகத் தெரியும். எது தெரிகிறது என்பதை வைத்தே பிழை எங்கே என்று ஓரளவு சொல்லிவிடலாம். வெற்றுக் கட்டம் வந்தால், எழுத்து பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது, அதற்கான உருவம் அந்தக் கருவியின் எழுத்துருவில் இல்லை. கேள்விக்குறி வந்தால், வழியில் ஏதோ ஒரு மென்பொருள் அந்த எழுத்தைத் தன் பட்டியலில் காணாமல் `?` என்று மாற்றிவிட்டது. மூல எழுத்து போனது போனதுதான், மீட்க முடியாது. ரூபாய்க் குறி இருக்க வேண்டிய இடத்தில் `â‚¹` போன்ற கிறுக்கல் வந்தால், எழுத்தின் பைட்டுகள் சரியாக இருக்கின்றன, வாசிக்கும் முறைதான் தவறு.

எங்களுக்கு வந்தது கட்டம். அப்படியானால் மூல எழுத்து செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த அம்மாவின் போனிலிருந்து அதே செய்தியை வரவேற்பாளரின் தொடுதிரைப் போனுக்கு அனுப்பிப் பார்த்தோம். முதல் இரண்டு கட்டங்களும் சேர்ந்து ஒரே சூரியனாகின. (சூரிய எழுத்துக்குப் பின்னால் “வண்ணப் படமாகக் காட்டு” என்று சொல்லும் `U+FE0F` என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று உண்டு. பழைய போன் அதற்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறது.) மூன்றாவது கட்டம் ஒரு சாய்கோடானது. திரையில் `11⁄2` என்று நின்றது.

அதைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மூன்று வாரம் முன்பு, பெயரை வைத்து நோயாளியைத் தேடும் வசதியைத் திருத்தியிருந்தேன். தமிழில் “கொ” என்பதன் கொம்பும் காலும் சில விசைப்பலகைகளில் ஒரே குறியாகப் பதிவாகும், சிலவற்றில் இரண்டு குறிகளாகப் பதிவாகும். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. அதனால் ஒரே பெயர் ஒரு முறை கிடைக்கும், மறுமுறை கிடைக்காது. இரண்டையும் ஒன்றாக்க யூனிகோடு சீராக்கத்தைச் சேர்த்தேன். அதில் `NFC` என்ற வகையே போதும். இன்னும் கறாராக இருக்கட்டும் என்று `NFKC` போட்டேன். போட்டதையும் பெயருக்கு மட்டும் போடாமல், வெளியே போகும் எல்லாச் செய்திக்கும் பொதுவான இடத்தில் போட்டேன்.

```python
import unicodedata
unicodedata.normalize("NFC",  "1½")   # '1½'
unicodedata.normalize("NFKC", "1½")   # '11⁄2'
```

`NFKC` ஒற்றை எழுத்தான ½ என்பதை 1, பின்னச் சாய்கோடு, 2 என்று மூன்றாகப் பிரிக்கும். முன்னால் ஏற்கெனவே ஒரு 1 நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லை. ஒன்றரை, “பதினொன்றின் கீழ் இரண்டு” ஆகிவிட்டது. அந்தப் பின்னச் சாய்கோடு விசைப்பலகையில் இருக்கும் சாதாரண `/` அல்ல, `U+2044` என்ற தனி எழுத்து. பட்டன் போனில் அது இல்லை.

அனுப்பிய செய்திகளின் பதிவேட்டில் `U+2044` இருப்பவற்றைத் தேடினேன். மூன்று வாரத்தில் 19 செய்திகள். தொடுதிரை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அதை “ஒண்ணு, ஒண்ணு பை ரெண்டு” என்று சரியாகவே வாசித்திருந்தார்கள், கையெழுத்தில் அப்படித்தான் எழுதுவோம் என்பதால். இரண்டு பேர் தொலைபேசியில் கேட்டும் இருக்கிறார்கள். வரவேற்பாளர் “ஒன்றரைங்க” என்று பதில் சொல்லி வைத்துவிட்டார். அவர் மேல் குறை சொல்ல முடியாது. அந்தக் கேள்வி எனக்கு வந்து சேர ஒரு வழியை நான் ஏற்படுத்தித் தரவில்லை.

அன்றே செய்தது

மருந்தளவுச் செய்தி முழுவதும் நிறுத்தப்பட்டது. 19 பேரையும் தொலைபேசியில் அழைத்தோம். “சரியாப் போடுறீங்களா?” என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “காலையில எத்தனை, மதியம் எத்தனை, ராத்திரி எத்தனை?” என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் சொன்னோம். இன்னொருவர் மட்டும் குழப்பத்தில் பழைய அளவையே தொடர்ந்திருந்தார். பாதிப்பில்லை. வயிற்றுப்போக்கோடு வந்த அம்மாவை இரண்டு வாரம் பழையபடி ஒன்றிலேயே வைத்து, பிறகு ஒன்றரைக்கு உயர்த்தினார் மருத்துவர்.

½-க்குப் பதில் எது

`NFKC`-ஐ எடுத்துவிட்டால் பிழை சரியாகிவிடும். அதை அன்றே எடுத்தேன். அதோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மருத்துவர் ஒப்புக்கொள்ளவில்லை. “நீங்க இன்னொரு நாள் இன்னொண்ணு மாத்துவீங்க” என்றார். அவர் சொன்னது சரி. நான் மாற்றாவிட்டாலும், செய்தியைக் கொண்டுசெல்லும் நிறுவனம் தன் பக்கம் எதையாவது மாற்றலாம். கைப்பேசி எதைக் காட்டும் என்பதை அனுப்புகிறவர் அறிய வழியும் கிடையாது. வலைப்பக்கம் என்றால் எந்தக் கருவியில் திறக்கிறார்கள் என்று ஓரளவு கேட்டறியலாம். குறுஞ்செய்தி போய்ச் சேர்ந்தது என்ற தகவல் மட்டும்தான் திரும்பி வரும்.

அதனால் எந்தக் கருவியிலும் எந்த வழியிலும் கெடாத வடிவம் எது என்று பார்த்தோம்.

`1 1/2` என்று சாதாரண விசைகளால் எழுதலாம். ஆனால் பொருளைத் தாங்கி நிற்பது நடுவிலுள்ள ஓர் இடைவெளி. வரி அங்கே உடைந்தாலோ, யாராவது இடைவெளியைச் சுருக்கினாலோ மறுபடியும் `11/2`.

`1.5` பரவாயில்லை போலத் தோன்றும். சின்னத் திரையில் புள்ளி கண்ணுக்குப் படாவிட்டால் அது 15. மருந்தளவில் தசமப் புள்ளி ஏற்படுத்தும் பிழைகள் மருத்துவ உலகில் பழைய கதை.

`1½-0-0` நோயாளிக்குப் பழகிய முறை. முழு எண்களுக்கு நல்ல மாற்று. ஆனால் அரை வரும்போது அதே ½ திரும்பி வந்துவிடுகிறது.

படமாகவே அனுப்பலாம். பட்டன் போனுக்குத்தான் இந்தப் பாடே, அதில் படம் திறக்காது.

மிஞ்சியது எழுத்தால் எழுதுவது: “ஒன்றரை”. இதிலும் “1 அரை” என்று கலந்து எழுதவில்லை. அதையும் ஒன்று தனி, அரை தனி என்று இரண்டு வேளைக்கு வாசிக்க இடமிருக்கிறது. “ஒன்றரை”, “இரண்டரை” இரண்டும் ஒரே சொல். நடுவில் எதுவும் விழுந்துவிட இடமில்லை. ஒரு எழுத்து கெட்டாலும் சொல் முழுதும் கெட்டதாகத் தெரியுமே தவிர வேறொரு எண்ணாக மாறாது. எண்ணைவிடச் சொல்லுக்கு இருக்கும் இந்தக் குணம்தான் என் முடிவுக்குக் காரணம்.

சூரியனுக்குப் பதில் “காலை”. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் மருத்துவர் ஒன்றைக் கூடுதலாகக் கேட்டார்: எந்த வேளை வேண்டாமோ அதையும் சொல்ல வேண்டும். புதிய செய்தி இப்படி ஆனது:

```
மெட்ஃபார்மின் 500: காலை சாப்பிட்ட பின் ஒன்றரை மாத்திரை. மதியம், இரவு வேண்டாம்.
```

நீளமும் செலவும்

தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறிகள்தான் கொள்ளும். ஆங்கில எழுத்து மட்டும் இருந்தால் 160. “கா” என்பது நமக்கு ஓர் எழுத்து, கணக்கில் இரண்டு குறி. “மாத்திரை” மட்டுமே எட்டு. மேலே உள்ள முதல் வாக்கியம் 55 குறி, ஒரு செய்திக்குள் அடங்குகிறது. “மதியம், இரவு வேண்டாம்” சேர்ந்ததும் 78. இரண்டு செய்தியின் கட்டணம்.

நிர்வாகம் கடைசி வாக்கியத்தை வெட்டச் சொன்னது. அந்த அம்மா மதியமும் இரவும் மாத்திரை போட்டதைத் தடுத்திருக்கக்கூடியது அந்த வாக்கியம் ஒன்றுதான் என்று சொல்லித் தக்கவைத்தோம். இன்னொன்றும் அப்போது தெரிந்தது. நிலா போன்ற பிற்காலப் படக்குறிகள் ஒவ்வொன்றும் இரண்டு குறி இடம் பிடிக்கும். படம் போட்டதால் இடம் மிச்சம் என்று நாங்கள் நினைத்திருந்தது பாதிதான் உண்மை.

செய்தியின் வார்ப்புரு மாறினால் அதைத் தொலைத்தொடர்பு விதிப்படி மறுபடி பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும். அது வரும்வரை நான்கு நாள் எல்லா மாற்றத்தையும் வரவேற்பாளர் தொலைபேசியில்தான் சொன்னார்.

தமிழே தெரியாத போன்

19 பேரை அழைத்தபோது ஒருவர், “உங்க மெசேஜ் முழுக்கக் கட்டம்தான் வரும். நான் பாக்குறதே இல்லை” என்றார். அவருடைய போனில் தமிழ் எழுத்துருவே இல்லை. ஒரு வருடமாக அவருக்கு நாங்கள் எதையுமே அனுப்பவில்லை என்றுதான் அர்த்தம்.

இதற்குத் தானியங்கி வழி எதுவும் கிடைக்காததால், பதிவு மேசையிலேயே ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, வரவேற்பாளர் நோயாளியின் போனை வாங்கித் தன் கண்ணால் பார்ப்பது என்று வைத்தோம். தமிழ் தெரிந்தால் பதிவில் ஒரு குறி. தெரியாவிட்டால் ஆங்கில எழுத்தில் தமிழ்:

```
Metformin 500: kaalai saappitta pin onnarai maathirai. Mathiyam, iravu vendaam.
```

இது 79 எழுத்து, 160-க்குள் ஒரே செய்தி. பேச்சில் இருக்கிறபடி “ஒன்னரை” என்றே வைத்தோம், உரக்க வாசித்தால் காதுக்குப் புரிய வேண்டும் என்பதால். ஒரு பொறியும் உண்டு. இந்தச் செய்திக்குள் ஒரே ஒரு ரூபாய்க் குறியோ வளைந்த மேற்கோள் குறியோ நுழைந்தாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். 79 எழுத்து அப்போது இரண்டு செய்தி.

தடுப்பு, தடுப்பால் வந்த தொல்லை

அளவுச் செய்தி வெளியே போகுமுன் ஒரு சோதனை வைத்தேன். தமிழ் எழுத்தும் சாதாரண விசைப்பலகை எழுத்தும் தவிர வேறெதுவும் இருந்தால் செய்தி நிற்கும்.

```python
def odd(s):
    return [hex(ord(c)) for c in s
            if not (" " <= c <= "~" or "\u0b80" <= c <= "\u0bff")]
```

முதல் வாரமே ஒரு நோயாளியின் செய்தி காரணம் தெரியாமல் நின்றது. திரையில் எந்தக் குறியும் இல்லை. பெயரில் “க்‌ஷ்” இருந்தது. க்-ஐயும் ஷ்-ஐயும் பிரித்துக் காட்ட விசைப்பலகை நடுவில் `U+200C` என்ற உருவமற்ற எழுத்தை வைத்திருந்தது. அதை மட்டும் அனுப்பும்போது நீக்கிவிடுகிறோம். பெயர் கூட்டெழுத்தாகத் தெரியும், வாசிப்பதற்குக் குறைவில்லை. எந்தக் குறி தடுத்தது என்று அதன் எண்ணோடு காட்டும்படி அப்போதுதான் மாற்றினேன். முதலில் வெறும் “அனுப்ப முடியாது” என்று மட்டும் வந்தது. வரவேற்பாளர் என்னைத் திட்டாமல் விட்டது அவருடைய பெருந்தன்மை.

படத்தை எடுத்ததற்கு ஒரே ஓர் எதிர்ப்பு வந்தது, அதுவும் நியாயமானது. ஒருவர் தன் தாயாருக்கு எழுத்து தெரியாது, வாட்ஸ்அப்பில் சூரியனைப் பார்த்துத்தான் மாத்திரை எடுப்பார் என்றார். தொடுதிரை உள்ளவர்களுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் படத்தைத் திரும்பக் கொண்டுவந்தோம். ஆனால் “காலை ☀️” என்று சொல்லுக்குப் பின்னால். படம் விழுந்தாலும் சொல் நிற்கும். சூரியன் யூனிகோடில் தொடக்க காலத்திலிருந்தே இருக்கிறது, நிலா 2010-இல் வந்த தொகுப்பில் சேர்ந்தது. இந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். பல எழுத்துகளை ஒட்டிச் செய்யும் புதிய படங்கள் பழைய கருவியில் துண்டு துண்டாகப் பிரிந்து தெரியும் என்பதால் அவற்றைத் தொடவில்லை. எழுத்தும் படக்குறியும் இரண்டும் உதவாதவர்களுக்குச் சூரியனும் நிலாவும் அச்சிட்ட அட்டை கொடுக்கிறோம். அது வரைந்த படம், எழுத்துரு தேவையில்லை.

ரசீது அச்சடிக்கும் சிறிய இயந்திரம் ரூபாய்க் குறிக்குக் கேள்விக்குறி அடித்துக்கொண்டிருந்ததும் இந்தச் சாக்கில் தெரிந்தது. அதில் தமிழும் வராது. `Rs.` என்று மாற்றினோம்.

இப்போது செய்வதாயிருந்தால்

பெயர்த் தேடலுக்கான சீராக்கம் தேடல் பெட்டியோடு நின்றிருக்க வேண்டும். மருத்துவர் பதிந்த அளவைத் தொடவே கூடாது. முதல் நாளே ஒரு பட்டன் போனை வாங்கி மேசையில் வைத்திருக்க வேண்டும். இப்போது ஒன்று இருக்கிறது, எல்லா வார்ப்புருவும் முதலில் அதற்குத்தான் போகிறது. செய்தி புரியவில்லை என்று வரும் ஒவ்வொரு அழைப்பையும் வரவேற்பாளர் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி வைக்கிறார். வாரம் ஒருமுறை நான் அதைப் பார்க்கிறேன்.

சரியாகாமல் நிற்பது ஒன்று. பதிவின்போது “தமிழ் தெரியும்” என்று குறித்த போன் அடுத்த வருடமும் அதே போனாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மகன் புதுப் போன் வாங்கினால் பழையது அம்மாவுக்கு வரும். அது உடைந்தால் அவர் மறுபடி பட்டன் போனுக்குப் போவார். எண் மாறாததால் எங்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நோயாளி நேரில் வரும் நாளில், சோதனைச் செய்தியை மறுபடி அனுப்பிப் போனை வாங்கிப் பார்க்கிறார்கள். வராமலே இருப்பவர்களுக்கு அழைத்துத்தான் சொல்கிறார்கள்.